புரொபேஷன் முடிஞ்சவருக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் குடுக்கிறது எப்படி: நான் சொதப்பினதை நீங்க சொதப்பாம இருக்க

"மேடம், நான் இன்னும் புரொபேஷன்லதான் இருக்கேனா?"

அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு 2025 ஜூலை 24ம் தேதி என் டேபிள்கிட்ட வந்து இப்படிக் கேட்டுச்சு. ரெண்டு நாள் லீவு போட்டிருக்கு, சிஸ்டம் "புரொபேஷன் ஊழியர், தகுதியில்லை"ன்னு திருப்பி அனுப்பிடுச்சு. அதோட புரொபேஷன் முடிஞ்சு 15 நாள் ஆச்சு, மேனேஜர் ஓகே சொல்லி ஒரு மாசம் ஆச்சு, லெட்டர் மட்டும் நான் போடவே இல்ல. அவசரமா ஒண்ணு அடிச்சுக் குடுத்தேன், அதுலயும் தப்பு. அந்தக் கேஸையே உதாரணமா வச்சு ஒவ்வொரு படியா சொல்றேன், ஹெச்ஆர்னு தனியா ஆளே இல்லாத சின்ன ஆபீஸ்ல இந்த வேலை திடீர்னு உங்க தலையில விழுந்திருந்தா இது போதும்.

1. முதல்ல அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுங்க

புது லெட்டர் டைப் பண்ண உக்காரதுக்கு முன்னாடி, அந்த ஆளுக்குக் குடுத்த பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து வச்சுக்கோங்க. உங்க கம்பெனியோட பொதுவான டெம்ப்ளேட் இல்ல, அவங்க கையெழுத்துப் போட்ட அந்தக் காப்பி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கும், சேரும்போது பேசி மாத்தின விஷயம் எல்லாம் கையெழுத்துக் காப்பியிலதான் இருக்கும்.

அதுல நாலு விஷயம் தேடுங்க. புரொபேஷன் எவ்வளவு காலம், அது மாசக் கணக்கா நாள் கணக்கா. காலம் முடிஞ்சா தானா கன்ஃபர்ம் ஆகுமா, இல்ல "எழுத்துப்பூர்வமா உறுதிசெய்யும் வரை" புரொபேஷன் தொடருமா. கன்ஃபர்ம் ஆனப்புறம் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு. நீண்ட லீவு எடுத்திருந்தா புரொபேஷன் அத்தனை நாள் தள்ளிப்போகுமா.

ரெண்டாவதுதான் நிறைய பேர் கவனிக்காம விடுறது. தானா கன்ஃபர்ம் ஆகும்னு எழுதியிருந்தா, நீங்க லெட்டர் குடுக்க மறந்தாலும் அவங்க கன்ஃபர்ம் ஆனவங்கதான், அதுக்கப்புறம் "இன்னும் மூணு மாசம் பாக்கலாம்"னு சொல்ல முடியாது. எழுத்துல குடுத்தாத்தான் செல்லும்னு இருந்தா, உங்க மறதியால ஒருத்தர் குறைஞ்ச லீவு, குறைஞ்ச நோட்டீஸ்னு தொங்கிட்டு இருப்பார். அதோட புரொபேஷன் எவ்வளவு நாள் வைக்கலாம், எத்தனை தடவை நீட்டிக்கலாம்னு பல நாட்டுச் சட்டத்துல வரம்பு இருக்கு, லெட்டர்ல என்ன எழுதியிருந்தாலும் சட்டம்தான் மேல, உங்க ஊர் விதியை ஒரு தடவை கேட்டுத் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

2. தேதியை விரல் விட்டு எண்ணுங்க

நம்ம கேஸ்ல சேர்ந்த நாள் 2025 ஜனவரி 10, புரொபேஷன் ஆறு மாசம். அப்போ கடைசி நாள் ஜூலை 9, கன்ஃபர்ம் ஆகுற நாள் ஜூலை 10. நிறைய பேர் ஜூலை 10 வரைக்கும் புரொபேஷன்னு எழுதி, ஜூலை 10 முதல் கன்ஃபர்ம்னும் எழுதுவாங்க, ஒரே நாள் ரெண்டு பக்கமும் வந்து நிக்கும்.

இதே ஆளுக்கு லெட்டர்ல "180 நாள்"னு இருந்திருந்தா கடைசி நாள் ஜூலை 8. ஒரு நாள்தானேன்னு தோணும், ஆனா புரொபேஷனை நீட்டிக்கணும்னு முடிவு பண்ணி ஜூலை 9ம் தேதி லெட்டர் குடுத்தா அது செல்லுமா செல்லாதாங்கிறது அந்த ஒரு நாள்லதான் இருக்கு.

எக்செல்ல போட்டு வைக்கிறதா இருந்தா, சேர்ந்த தேதி A2ல இருக்குன்னு வச்சுக்கோங்க, கடைசி நாள் இப்படி வரும், தேதிக்குப் பதிலா வெறும் நம்பர் காட்டினா செல் ஃபார்மட்டை Dateனு மாத்துங்க:

```
=EDATE(A2,6)-1
```

ஒரு இடத்துல மட்டும் இது கவுத்துவிடும். ஆகஸ்ட் 31ம் தேதி சேர்ந்தவருக்கு ஆறு மாசம் போட்டா பிப்ரவரி 28ல நின்னு, அதுல ஒண்ணு கழிச்சு 27ன்னு காட்டும், நியாயமா பிப்ரவரி கடைசி நாள்தான் வரணும். மாசக் கடைசியில சேர்ந்தவங்களை மட்டும் கையால சரிபாருங்க.

சம்பளம் இல்லாத லீவு நீளமா எடுத்திருந்தா, லெட்டர்ல அதுக்கு விதி இருந்தா மட்டும் தள்ளிப் போடுங்க. விதி இல்லாம நீங்களா தள்ளிப் போடாதீங்க.

3. மேனேஜர் பதிலை எழுத்துல வாங்குங்க

கடைசி நாளுக்கு 30 நாள் முன்னாடி மேனேஜருக்கு மெயில் போடுங்க. நம்ம கேஸ்ல அது ஜூன் 9. பதினஞ்சு நாள் டைம் குடுங்க, அதுக்குள்ள வந்துடணும், ஏன்னா "வேண்டாம்"னோ "நீட்டிக்கலாம்"னோ பதில் வந்தா அதைப் பேசவும் லெட்டர் போடவும் மிச்சம் இருக்கிற ரெண்டு வாரம் தேவைப்படும்.

மெயில்ல "எப்படி இருக்காங்க"ன்னு கேக்காதீங்க, "நல்லா பண்றாங்க"ன்னு ஒத்தை வரி வரும், அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மூணு கேள்வி போதும். ஒண்ணு, கன்ஃபர்ம் பண்ணலாமா, நீட்டிக்கணுமா, நிறுத்தணுமா. ரெண்டு, அவங்க நல்லா செஞ்ச ஒரு குறிப்பிட்ட வேலை என்ன. மூணு, அடுத்த ஆறு மாசத்துல எதுல முன்னேறணும். ரெண்டாவது பதில் உங்களுக்கு வாழ்த்து எழுத உதவும், மூணாவது ரிவ்யூவுக்கு உதவும். நான் வராண்டாவுல நின்னு வாய்ல கேட்டு "ஓகே ஓகே"ன்னு வாங்கிட்டு வந்தேன், கையில ஒரு மெயிலும் இல்ல, அதனாலதான் ஞாபகமே வரல.

நீட்டிக்கிறதுன்னு முடிவானா அது வேற லெட்டர், கடைசி நாளுக்கு முன்னாடியே அவங்க கைக்குப் போயிருக்கணும், காரணமும் புதுக் கடைசித் தேதியும் அதுல இருக்கணும். இங்க அதைத் தொடல.

4. மாறப்போறதை எல்லாம் நம்பரா எழுதுங்க

கன்ஃபர்ம் ஆனா என்னென்ன மாறும்னு உக்காந்து ஒரு தாள்ல எழுதுங்க. பெரும்பாலும் சம்பளம், நோட்டீஸ், லீவு, இன்ஷூரன்ஸ், இந்த நாலுக்குள்ளதான் இருக்கும்.

சம்பளம். கன்ஃபர்மேஷன்னா சம்பளம் ஏறியே ஆகணும்னு இல்ல, ஏறலைன்னா "சம்பளத்தில் மாற்றமில்லை"ன்னு ஒரு வரி எழுதிடுங்க, எழுதாம விட்டா அவங்க அடுத்த மாசம் பே ஸ்லிப்பைப் பாத்துக் காத்துட்டு இருப்பாங்க. நம்ம கேஸ்ல மாசம் 30,000ல இருந்து 33,000, ஜூலை 10 முதல். அப்போ ஜூலை மாசத்துக்கு மட்டும் பாதிப் பாதி வரும். ஜூலைல 31 நாள், அதுல 10ம் தேதி முதல் 31 வரை 22 நாள் புது சம்பளம். கூடுதல் 3,000ஐ 31ஆல வகுத்து 22ஆல பெருக்கினா 2,129. இந்த 2,129ஐ லெட்டர் குடுக்கிற முன்னாடியே கணக்குப் போட்டு வச்சுக்கோங்க, ஏன்னா முதல் மாசச் சம்பளம் வந்ததும் "3,000 ஏறும்னீங்க, 2,129தானே வந்திருக்கு"ன்னு கேக்குறது நிச்சயம். உங்க பேரோல்ல மாசத்தை 30 நாளாவோ வேலை நாளாவோ எண்ணுவாங்கன்னா அந்தக் கணக்கையே எடுங்க.

அடுத்து பேரோல் கட்-ஆஃப். எங்களுக்கு அது 20ம் தேதி. ஜூலை 20க்குள்ள தகவல் போயிருந்தா ஜூலைச் சம்பளத்துலயே வந்திருக்கும், நான் 24ம் தேதிதான் முழிச்சேன், அதனால ஆகஸ்ட்ல அரியரா வந்துச்சு. அரியர் எந்த மாசம் வரும்னு லெட்டர்லயே எழுதிட்டா யாரும் வந்து கேக்க மாட்டாங்க.

நோட்டீஸ் பீரியட்ல நான் பண்ணினது பெரிய தப்பு. வேற ஒருத்தருக்குப் போட்ட பழைய லெட்டரை எடுத்து பேரை மட்டும் மாத்தினேன், அவர் சீனியர் மேனேஜர், அவருக்கு நோட்டீஸ் 90 நாள். இந்தப் பொண்ணோட அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல கன்ஃபர்ம் ஆனப்புறம் 60 நாள்னுதான் இருந்துச்சு. அது லெட்டரைப் படிச்சுட்டு அமைதியா ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு விரலால காட்டுச்சு, ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு எனக்கு இருந்த வெட்கம் இருக்கே. ஏற்கனவே ஒத்துக்கிட்ட நோட்டீஸை விட அதிகமா கன்ஃபர்மேஷன் லெட்டர்ல நுழைக்க முடியாது, மாத்தணும்னா தனியா பேசி அவங்க சம்மதம் வாங்கணும். அதனால இந்த ஒரு நம்பரை மட்டும் கண்டிப்பா பழைய லெட்டரைப் பாத்து காப்பி பண்ணுங்க, நினைவுல இருந்து எழுதாதீங்க.

லீவுல விதியை எழுதாம எண்ணிக்கையை எழுதுங்க. "கம்பெனி விதிப்படி விகிதாச்சார விடுப்பு"ன்னு எழுதினா ஜூலை மாசம் கணக்குல வருமா வராதான்னு ஆளுக்கொரு கணக்கு போடுவாங்க. வருஷத்துக்கு 18 நாள்னா மாசம் ஒன்றரை நாள், ஜூலையையும் சேத்து டிசம்பர் வரை ஆறு மாசத்துக்கு 9 நாள். அந்த 9தான் லெட்டர்ல வரணும். புரொபேஷன்ல இருக்கும்போதே சட்டப்படி கிடைக்க வேண்டிய லீவு ஏதாவது உங்க ஊர்ல இருந்தா அது தனி, அதைப் புதுசா குடுக்கிற மாதிரி எழுதாதீங்க. இன்ஷூரன்ஸ் கன்ஃபர்ம் ஆனப்புறம்தான்னா எந்த தேதியில இருந்து கவர் ஆகும்னு கேட்டு அந்தத் தேதியைப் போடுங்க, நீங்க பேரைச் சேர்த்த நாளும் கவர் ஆரம்பிக்கிற நாளும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

5. ரிவ்யூ தேதி

"ஆறு மாதம் கழித்து"ன்னு எழுதாம நாள், மாசம், வருஷம் போட்டு எழுதுங்க. ஜூலை 10ல இருந்து ஆறு மாசம்னா 2026 ஜனவரி 10, காலண்டரைப் பாத்தா அது சனிக்கிழமை. நாங்க ஜனவரி 12, திங்கள்னு போட்டோம். சின்ன விஷயம்தான், ஆனா லீவு நாள்ல விழுற ரிவ்யூ பெரும்பாலும் நடக்கவே நடக்காது.

இந்த இடத்துல ஒரே ஒரு வார்த்தைல மாட்டிக்குவீங்க. "ஜனவரியில் சம்பளம் உயர்த்தப்படும்"னு எழுதினா அது வாக்குறுதி. "ஜனவரியில் பணித்திறன் மறுஆய்வு செய்யப்படும்"னு எழுதினா அது சந்திப்பு. அந்த ரிவ்யூல சம்பளமும் பேசப்படுமா இல்லையான்னு வெளிப்படையா எழுதிடுங்க. எழுதாம விட்டா உங்க மனசுல சந்திப்பு, அவங்க மனசுல இன்க்ரிமென்ட். கம்பெனில எல்லாருக்கும் பொதுவா வருஷத்துக்கு ஒரு தடவை சம்பள ரிவ்யூ இருந்தா, இப்பதான் கன்ஃபர்ம் ஆனவர் அடுத்த ரவுண்டுல வருவாரா, அதுக்கடுத்ததுலயாங்கிறதையும் சேத்துக்கோங்க.

6. லெட்டர்

ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. லெட்டர்ல ரெண்டு தேதி வரும், குழப்பிக்காதீங்க. மேல போடுறது நீங்க லெட்டர் குடுக்கிற நாள், உள்ள வர்றது கன்ஃபர்மேஷன் நடைமுறைக்கு வர்ற நாள். லேட்டாயிடுச்சேன்னு நான் மேல இருக்கிற தேதியையே ஜூலை 9ன்னு போட்டு டைரக்டர்கிட்ட நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்தவர் மூடி வச்சுட்டு, "ஒன்பதாம் தேதி நான் ஊர்லயே இல்லையேம்மா"ன்னார். முன்தேதி போட்ட காகிதம் இப்படித்தான் எங்கயாவது மாட்டும். குடுக்கிற நாள் ஜூலை 28ன்னா 28ன்னே போடுங்க, உள்ள "ஜூலை 10 முதல்"னு எழுதினா போதும், அவங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.

எங்க லெட்டர் கடைசியில இப்படி வந்துச்சு:

> தேதி: 29 ஜூலை 2025
>
> பொருள்: பணி உறுதிசெய்தல்
>
> 10 ஜனவரி 2025 அன்று கணக்கு உதவியாளராகப் பணியில் சேர்ந்த தாங்கள், தங்கள் தகுதிகாண் காலத்தை 9 ஜூலை 2025 அன்று நிறைவு செய்துள்ளீர்கள். 10 ஜூலை 2025 முதல் தங்கள் பணி உறுதிசெய்யப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். வாழ்த்துகள்.
>
> நிலுவையில் கிடந்த இன்வாய்ஸ் பட்டியலை வாரந்தோறும் சரிபார்த்து முடிக்கும் முறையைத் தாங்கள் கொண்டுவந்தது கணக்குப் பிரிவுக்குப் பெரிதும் உதவியது.
>
> 10 ஜூலை 2025 முதல்: மாதச் சம்பளம் 33,000. ஜூலை மாதத்திற்கான கூடுதல் தொகை 2,129 ஆகஸ்ட் சம்பளத்துடன் வழங்கப்படும். இரு தரப்பிற்கும் நோட்டீஸ் காலம் 60 நாட்கள். 31 டிசம்பர் 2025 வரை ஆண்டு விடுப்பு 9 நாட்கள்.
>
> தங்கள் பணித்திறன் மறுஆய்வு 12 ஜனவரி 2026 அன்று தங்கள் மேலாளருடன் நடைபெறும். இச்சந்திப்பில் சம்பளம் மறுஆய்வு செய்யப்படாது.
>
> தங்கள் பணிக்காலம் 10 ஜனவரி 2025 முதலே கணக்கிடப்படும். பணி நியமனக் கடிதத்தின் பிற விதிமுறைகள் மாற்றமின்றித் தொடரும்.

கீழ உங்க பக்கம் ஒரு கையெழுத்து, அவங்க "படித்து ஏற்றுக்கொண்டேன்"னு போட ஒரு இடம், தேதிக்கு ஒரு கோடு.

கடைசி ரெண்டு வாக்கியத்தை விட்டுடாதீங்க. "பிற விதிமுறைகள் தொடரும்"னு இல்லைன்னா ரகசியக் காப்பு, வேலை நேரம் இதெல்லாம் இன்னும் இருக்கா இல்லையான்னு ஒரு நாள் கேள்வி வரும். பணிக்காலம் பத்தின வரி ஏன்னு கீழ சொல்றேன்.

வாழ்த்துல "தாங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்", "என்றென்றும் எங்களுடன்" இதெல்லாம் வேண்டாம், நாளைக்கு வேலையில குறை சொல்ல வேண்டி வந்தா இதே காகிதம் உங்களைப் பாத்துச் சிரிக்கும். அவங்க உண்மையிலயே செஞ்ச ஒரு வேலையைச் சொன்னா போதும். அதே மாதிரி "ஆனால் நேரத்துக்கு வருவதில் கவனம் தேவை"ன்னு வாழ்த்துக்குக் கீழயே குத்துறதும் வேண்டாம், அது நேர்ல பேசி ரிவ்யூ குறிப்புல எழுத வேண்டியது.

7. நேர்ல சொல்லிட்டு அப்புறம் குடுங்க

மேனேஜர் பத்து நிமிஷம் கூப்பிட்டுப் பேசட்டும், வாழ்த்து அவர் வாயில இருந்து முதல்ல வரட்டும். அதுக்கப்புறம் லெட்டர் ரெண்டு காப்பி குடுங்க. அங்கயே நின்னு கையெழுத்து வாங்காதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு ஒரு வாரத்துக்குள்ள குடுங்கன்னு சொல்லுங்க. எங்க 90 நாள் தப்பு மாட்டினது அந்தப் பொண்ணு சாயங்காலம் வீட்டுல உக்காந்து படிச்சதாலதான், மறுநாள் காலைல ரெண்டு தாளோட வந்து நின்னுச்சு. யாராவது கையெழுத்துப் போடத் தயங்கினா கோவப்படாம எந்த வரின்னு கேளுங்க, பெரும்பாலும் ஒரு நம்பர் தப்பா இருக்கும், தப்பு உங்க பக்கம்னா பேனால அடிச்சுத் திருத்தாம புது தேதியில புது லெட்டர் போட்டு, பழைய ரெண்டு காப்பியையும் திரும்ப வாங்கிடுங்க.

டீமுக்கு அறிவிக்கிறது கையெழுத்து வந்தப்புறம். அந்த மெயில்ல பேரும் பதவியும் வாழ்த்தும் மட்டும், லெட்டரை அட்டாச் பண்ணிடாதீங்க, உள்ள சம்பளம் இருக்கு.

8. கையெழுத்து வந்த அன்னைக்கே

ஒரு காப்பி அவங்களுக்கு, ஒண்ணு ஃபைலுக்கு. பேரோலுக்கு புது சம்பளம், நடைமுறைத் தேதி, அரியர் தொகை மூணையும் ஒரே மெயில்ல அனுப்புங்க. சிஸ்டத்துல நிலையை "கன்ஃபர்ம்ட்"னு மாத்துங்க, லீவு கணக்குல 9ஐ ஏத்துங்க, மாத்தினப்புறம் அவங்களையே ஒரு லீவு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, எங்க சிஸ்டத்துல நிலை மாறினாலும் லீவு குரூப் தனியா மாத்தணும்னு அப்பதான் தெரிஞ்சது.

இங்க ஒரு கண்ணி இருக்கு. சிஸ்டத்துல கன்ஃபர்மேஷன் தேதிக்குத் தனியா ஒரு கட்டம் இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிங்க. அது கண்ணுல படலைன்னு சேர்ந்த தேதி கட்டத்துலயே ஜூலை 10ன்னு மாத்தினவங்களை எனக்குத் தெரியும். அப்படிப் பண்ணா அந்த ஆளோட சர்வீஸ்ல ஆறு மாசம் சத்தமில்லாம காணாமப் போயிடும், வேலையை விட்டுப் போகும்போது செட்டில்மென்ட் கணக்குலதான் தெரியும், அதுக்குள்ள மாத்தினவங்களே வேலையை விட்டுப் போயிருப்பாங்க. லெட்டர்ல பணிக்காலம் பத்தி அந்த வரியை எழுதச் சொன்னது இதுக்குத்தான், சிஸ்டம் தப்பா காட்டினாலும் அவங்க கையில ஒரு காகிதம் இருக்கும்.

ரிவ்யூ தேதியை உங்க காலண்டர்ல மட்டும் போடாம மேனேஜருக்கும் அவங்களுக்கும் இன்வைட் அனுப்பிடுங்க, ரெண்டு வாரம் முன்னாடி மேனேஜருக்கு இன்னொரு ரிமைண்டர். அப்படியே அடுத்து யாருக்குப் புரொபேஷன் முடியுதுன்னு அந்த எக்செல்லைத் திறந்து பாத்துடுங்க, எனக்கு அன்னைக்குப் பாத்தப்போ இன்னொருத்தருக்கு 11 நாள்தான் மிச்சம் இருந்துச்சு, மேனேஜருக்கு மெயிலே போகல.